குறியிட்ட மரக்கன்றுகளின் உயிர்பிழைப்புப் பகுப்பாய்வு: காணாமல்போன கன்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

காட்டில் கன்றுகளுக்கு எண் வில்லை கட்டி, மாதாமாதம் போய்ப் பார்த்து, எது இருக்கிறது எது செத்தது என்று குறித்து வந்திருக்கிறீர்கள். இப்போது ஆய்வேட்டில் அந்தத் தரவை அலச வேண்டும். பெரும்பாலானவர்கள் மென்பொருளைத் திறந்த பிறகுதான் தடுமாற ஆரம்பிக்கிறார்கள், ஆனால் தப்பு அதற்கு ரொம்ப முன்னாலேயே, களக் குறிப்பேட்டில் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் எழுதிய அன்றைக்கே நடந்து முடிந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் தரவுத்தாளைப் பற்றித்தான். மாடல் ஓட்டுவது நாலு வரி.

கையில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு கணக்கெடுப்பின் தேதி (மாதம் போதாது, நாள் வேண்டும்), ஒவ்வொரு கன்றின் எண், அது எந்தக் குவாட்ரட்டில் எந்த இடத்தில் இருந்தது என்ற வரைபடம், ஒவ்வொரு முறையும் கண்ட நிலை. R மொழியில் ஒரு தரவுத்தாளைத் திறக்கத் தெரிந்தால் போதும்.

சென்சார் என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரு கன்று எப்போது செத்தது என்று நமக்குத் தெரியாமலே அதைப் பற்றிய தகவல் நின்றுபோனால் அது சென்சார் ஆன கன்று. ஆய்வு முடியும்போது உயிரோடு இருந்ததும் அதில் சேரும், நடுவில் தொலைந்துபோனதும் சேரும். அதைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தமில்லை, "குறைந்தது இத்தனை நாள் வாழ்ந்தது" என்பது தெரியும். அந்த அரைத் தகவலை வீணாக்காமலும் மிகைப்படுத்தாமலும் பயன்படுத்துவதுதான் இங்கே வேலை.

## 1. கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்று முடிவு செய்யுங்கள்

"நாள் 0" என்பது முளைத்த நாளா, வில்லை கட்டிய நாளா? இதை முடிவு செய்யாமல் எதையும் கணக்கிடாதீர்கள், ஏனென்றால் உயிர்பிழைப்பு வளைகோட்டின் பொருளே இதில்தான் இருக்கிறது.

முளைப்பு தொடங்கும் முன்பே குவாட்ரட்டைச் சுத்தமாகப் பார்த்து வைத்து, பிறகு புதிதாக வந்த கன்றுகளுக்கு மட்டும் வில்லை கட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. அவை எல்லாம் ஒரே வயதுக் கூட்டம், முளைப்பைத்தான் நாள் 0 என்று கொள்ளலாம், ஒரு கணக்கெடுப்பு இடைவெளி அளவுக்கு முன்னே பின்னே இருக்கும்.

ஆனால் முதல் நாள் போனபோதே அங்கே நின்றுகொண்டிருந்த கன்றுகளுக்கு வில்லை கட்டியிருந்தால் கதை வேறு. அவற்றோடு முளைத்து நீங்கள் போவதற்குள் செத்துப்போன கன்றுகள் உங்கள் கண்ணிலேயே படவில்லை. கன்றுகள் பொதுவாக முதல் சில வாரங்களில்தான் அதிகமாகச் சாகும், அந்தக் கட்டத்தைத் தாண்டியவை மட்டுமே உங்களிடம் சிக்கியிருக்கின்றன. அவற்றையும் புதுக்கன்றுகளையும் ஒரே நாள் 0-வில் கலந்தால் முளைத்த கன்றுகளின் உயிர்பிழைப்பு இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். புள்ளியியலில் இதை இடது துண்டிப்பு என்பார்கள். இது சென்சார் ஆவதிலிருந்து வேறு. சென்சார் ஆன கன்று நம் பட்டியலில் இருக்கிறது, துண்டிக்கப்பட்ட கன்று பட்டியலிலேயே இல்லை.

தீர்வு எளிது. பழைய கன்றுகளைத் தனிக் கூட்டமாக வைத்து, அவற்றின் காலத்தை "வில்லை கட்டியதிலிருந்து" என்று வெளிப்படையாக எழுதுங்கள். வித்திலை இன்னும் விழாமல் இருந்தது போன்ற அடையாளத்தால் வயது ஓரளவு தெரிந்தால், அந்த வயதிலிருந்துதான் அது நம் கணக்கில் நுழைகிறது என்று `Surv(start, stop, dead)` வடிவில் சொல்லலாம். வயதை ஊகித்து நிரப்ப வேண்டாம்.

## 2. "இல்லை" என்பதை நான்காகப் பிரியுங்கள்

களத்தில் நான் பயன்படுத்துவது நான்கே குறியீடுகள்.

`A`: உயிரோடு இருக்கிறது.
`D`: செத்த தண்டு கண்ணுக்குத் தெரிகிறது.
`T`: வில்லை கிடைத்தது, கன்று இல்லை.
`N`: வில்லையும் இல்லை, கன்றும் இல்லை.

கடைசி இரண்டையும் பிரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வில்லை அதே இடத்தில் கம்பியோடு நிற்கிறது, கன்று மட்டும் இல்லை என்றால் கன்று போய்விட்டது என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது, மெல்லிய கன்று செத்தால் சில வாரங்களில் தடமில்லாமல் மக்கிவிடும். இரண்டுமே இல்லையென்றால் வில்லை மட்டும் கழன்று போய், கன்று பக்கத்துக் கன்றுகளின் நடுவில் பெயரில்லாமல் நின்றுகொண்டிருக்கலாம். அதற்குத்தான் வரைபடம். குவாட்ரட்டின் ஒரு மூலையிலிருந்து குறுக்கே இத்தனை செ.மீ., நெடுக்கே இத்தனை செ.மீ. என்று இரண்டு எண்களை முதல் நாளே எழுதி வைத்திருந்தால், வில்லை இல்லாத கன்றையும் அடையாளம் கண்டு புது வில்லை கட்டிவிடலாம். `N` கூட்டம் அப்படியே சுருங்கிவிடும்.

முதல் முறை களத்துக்குப் போகிறவர்கள் செய்வது என்னவென்றால், கணக்கெடுப்புத் தாளில் அந்தக் கன்றின் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அந்த வெற்றிடத்துக்கு "தேடினேன், கிடைக்கவில்லை" என்று பொருளா, "அன்று மழை, அந்தக் குவாட்ரட்டுக்குப் போகவில்லை" என்று பொருளா என எழுதியவருக்கே தெரியாது. போகாத நாளுக்கு ஐந்தாவதாக `X` போடுங்கள்.

ஆய்வுக்காக நீங்களே பிடுங்கிய கன்று, வேர் எடை பார்ப்பதற்காக, பிடுங்கிய நாளோடு சென்சார் ஆகும். ஆனால் பிடுங்கியவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்திருந்தால்தான் இது செல்லும். "நல்லா வளர்ந்ததா ரெண்டு எடுத்துக்கலாம்" என்று எடுத்திருந்தால் பிழைக்கக்கூடியவையே கூட்டத்திலிருந்து வெளியேறிவிட்டன, மிச்சமிருப்பவற்றின் இறப்பு விகிதம் செயற்கையாக ஏறும்.

## 3. உயிர்த்தெழும் கன்றுகளுக்கு ஒரு விதி வையுங்கள்

இலை எல்லாம் உதிர்ந்து தண்டு காய்ந்து `D` என்று எழுதிய கன்று, இரண்டு மாதம் கழித்து வேர்க்கழுத்திலிருந்து துளிர்த்து நிற்கும். பல மர இனங்களில் இது சாதாரணம். அதனால் தொடர்ந்து இரண்டு கணக்கெடுப்பில் உயிர் இல்லை என்றால் மட்டுமே இறப்பு என்று வைத்துக்கொள்வது நல்லது. உறுதியான பிறகு, இறப்பை முதலில் `D` அல்லது `T` எழுதிய கணக்கெடுப்புக்கே பின்தேதியிட வேண்டும். அதுபோலவே நடுவில் `N` ஆகி, பிறகு உயிரோடு கிடைத்த கன்றுக்கு நடுக்கட்டம் `A` என்று திருத்துங்கள், அப்போதும் அது உயிரோடுதானே இருந்திருக்கிறது.

இந்த விதியில் ஒரு பொறி உண்டு, பலர் அதில் விழுகிறார்கள். கடைசிக் கணக்கெடுப்பில் முதன்முறையாகச் செத்துத் தெரிகிற கன்றை உறுதி செய்ய அடுத்த கணக்கெடுப்பு இல்லை. "உறுதியாகவில்லை" என்று அவற்றை மட்டும் சென்சார் செய்தால் கடைசி இடைவெளியில் இறப்பே இல்லாததுபோல வளைகோடு தட்டையாக முடியும். பகுப்பாய்வைக் கடைசிக்கு முந்தைய கணக்கெடுப்போடு முடித்துவிட்டு, கடைசிக் கணக்கெடுப்பைச் சரிபார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு மாதத் தரவு போகிறதே என்று மனசு கேட்காதுதான். ஆனாலும் அதுதான் சரி.

## 4. கன்றுக்கு ஒரு வரி: L, R என்ற இரண்டு நாட்கள்

இறந்த நாள் நமக்குத் தெரியாது. உயிரோடு கடைசியாகக் கண்ட நாள் தெரியும், அதை `L` என்போம். செத்து முதலில் கண்ட நாள் தெரியும், அது `R`. இறப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ. இறப்பே காணாத கன்றுக்கு `R` இடம் காலி.

30 நாளுக்கு ஒருமுறை போன ஆய்வில் நான்கு கன்றுகளைப் பாருங்கள்.

| கன்று | 0 | 30 | 60 | 90 | 120 | L | R |
|---|---|---|---|---|---|---|---|
| 211 | A | A | D | D | D | 30 | 60 |
| 214 | A | A | N | N | N | 30 | காலி |
| 219 | A | A | N | A | A | 120 | காலி |
| 223 | A | N | N | N | N | 0 | காலி |

214-ஐ உற்றுப் பாருங்கள், இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது இந்த வரிதான். காணாமல்போனதைக் கவனித்தது 60-ஆம் நாள். ஆனால் அது சென்சார் ஆனது 30-ஆம் நாள், உயிரோடு பார்த்த கடைசி நாள் அதுதான். 60 என்று எழுதினால் 60 வரை உயிரோடு இருந்தது என்று சாட்சி சொல்கிறீர்கள், அப்படி யாரும் பார்க்கவில்லை.

223-க்கு வில்லை கட்டியதோடு சரி, பிறகு காணவே இல்லை. அது எந்தத் தகவலும் தராது, எந்தக் கணக்கிலும் பங்கெடுக்காது. ஆனால் தாளிலிருந்து அழிக்காதீர்கள், எத்தனை கன்று இப்படிப் போனது என்று ஆய்வேட்டில் சொல்ல வேண்டும்.

## 5. ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பத்து நிமிட வேலை, பின்னால் மென்பொருள் தரும் விடை சரியா என்று சோதிக்க இதுதான் அளவுகோல்.

ஒரே நாளில் வில்லை கட்டிய 20 கன்றுகள் என்று வைத்துக்கொள்வோம், 120 நாள். முதல் இடைவெளியில் 5 செத்தன. இரண்டாவதில் 3 செத்தன, 2 தொலைந்தன. மூன்றாவதில் 1 செத்தது, 1 தொலைந்தது. நான்காவதில் 2 செத்தன. முடிவில் 6 உயிரோடு.

கப்லான்–மேயர் முறையில் ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரே ஒரு கேள்விதான்: விதி நமக்குத் தெரிந்த கன்றுகளில் எத்தனை தப்பின? கிடைத்த பின்னங்களை வரிசையாகப் பெருக்குகிறோம்.

| இடைவெளி | கணக்கில் உள்ளவை | இறந்தவை | தப்பிய பங்கு | இதுவரை உயிர்பிழைப்பு |
|---|---|---|---|---|
| 0–30 | 20 | 5 | 15/20 | 0.750 |
| 30–60 | 13 | 3 | 10/13 | 0.577 |
| 60–90 | 9 | 1 | 8/9 | 0.513 |
| 90–120 | 8 | 2 | 6/8 | 0.385 |

இரண்டாம் வரியில் 15 உயிரோடு இருந்தும் 13 என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். தொலைந்த 2 கன்றுகள் 30 வரைதான் கணக்கில் இருந்தன.

விடை 0.385. இப்போது இதே 20 கன்றுகளை, நான் வரைவுகளில் பார்த்திருக்கிற மற்ற வழிகளில் போடுங்கள். தொலைந்த மூன்றையும் நீக்கிவிட்டால் 6/17, அதாவது 0.353. அவை 30 நாளும் 60 நாளும் வாழ்ந்தன என்ற தகவலைத் தூக்கி எறிந்ததால் விடை இறங்கிவிட்டது. தொலைந்தவை எல்லாம் செத்தவை என்றால் 6/20, அதாவது 0.300. தொலைந்ததைக் கவனித்த நாளில் சென்சார் செய்தால், அதாவது 214-க்கு 60 என்று எழுதும் அந்தத் தப்பு, இரண்டாம் வரி 12/15 ஆகிவிடும், மூன்றாவது 9/10, நான்காவது அதே 6/8, மொத்தம் 0.405. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் இது எப்போதும் ஒரே பக்கமாக, உயிர்பிழைப்பைக் கூட்டிக் காட்டும் பக்கமாகவே சாயும், தொலைப்பு அதிகமாக அதிகமாகப் பெரிதாகும்.

R-இல் இதே கணக்கு, `s` என்பது 4-ஆம் பகுதியில் போட்ட கன்றுக்கு ஒரு வரித் தாள்:

```r
library(survival)
s$dead <- as.integer(!is.na(s$R))
s$time <- ifelse(s$dead == 1, s$R, s$L)
summary(survfit(Surv(time, dead) ~ 1, data = s))
```

கடைசி வரியில் 0.385 வர வேண்டும். 0.405 வந்தால் எங்கே தப்பு என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இந்த வளைகோட்டை ஆய்வேட்டில் படிக்கட்டாக வரையும்போது, படிகள் கணக்கெடுப்பு நாட்களில் விழுவது நாம் போன நாட்களால் வந்தது, கன்றுகள் அந்த நாளில் செத்ததால் அல்ல. கணக்கெடுப்பு நாட்களுக்கு நடுவே உள்ள ஒரு நாளைச் சுட்டி "அன்று வரை இவ்வளவு பிழைத்தன" என்று எழுதாதீர்கள், பாதி உயிர்பிழைப்பு நாளை ஒற்றை எண்ணாகச் சொல்வதும் அதே தப்புதான்.

## 6. இடைவெளிக்கு ஒரு வரியாகத் தரவை மாற்றுங்கள்

இறப்பு அபாயத்தைக் காரணிகளோடு இணைத்துப் பார்க்கும் காக்ஸ் மாடலுக்கு நேராகப் போகலாம், பலர் போகிறார்கள். ஆனால் காக்ஸ் மாடல் இறப்பு நாள் தெரியும் என்று நம்புகிறது. 200 கன்றுகளின் இறப்பும் ஐந்தாறு தேதிகளில் குவிந்து கிடக்கும்போது அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். மாதாந்தரக் கணக்கெடுப்புத் தரவுக்கு என் பரிந்துரை வேறு: ஒவ்வொரு கன்றின் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு வரி, அந்த இடைவெளியில் செத்ததா, 0 அல்லது 1.

இதில் அழகு என்னவென்றால் சென்சார் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடுகிறது. இடைவெளியின் தொடக்கத்தில் உயிரோடு கண்டு, முடிவில் விதி தெரிந்திருந்தால் வரி உண்டு, தெரியாவிட்டால் வரி இல்லை. 214 கன்று முதல் இடைவெளிக்கு ஒரு வரி தந்துவிட்டு விலகிக்கொள்கிறது. தாமதமாக நுழைந்த கன்றுக்கும் அப்படியே, நாம் பார்த்த இடைவெளிகளுக்கு மட்டும் வரி.

```r
raw <- raw[order(raw$id, raw$census), ]
raw$prev <- ave(raw$status, raw$id,
                FUN = function(x) c(NA, head(x, -1)))
d <- subset(raw, prev == "A" & status %in% c("A", "D"))
d$dead <- as.integer(d$status == "D")
nrow(d); sum(d$dead)
```

இதற்கு முன் `T` எல்லாவற்றையும் உங்கள் விதிப்படி `D` ஆக்கியிருக்க வேண்டும், `status` பத்தி எழுத்து வடிவில் இருக்க வேண்டும், `raw` என்ற களத் தாளில் ஒவ்வொரு கன்றுக்கும் ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். நடுவில் ஒரு வரி விடுபட்டால் `prev` தப்பான மாதத்தைக் காட்டும், எந்த எச்சரிக்கையும் வராது.

நம் 20 கன்றுகளுக்கு 20 + 13 + 9 + 8 = 50 வரிகள், 11 இறப்புகள். திரையில் 50, 11 என்று வந்தால் மேலே போங்கள். வராவிட்டால் மாடல் ஓட்டாதீர்கள், முதலில் தாளைப் பாருங்கள்.

`X` வரும் இடத்தில் மட்டும் இந்த முறை கொஞ்சம் இடிக்கும். ஒரு கணக்கெடுப்பைத் தவறவிட்டு அடுத்ததில் செத்துக் கண்டால் இடைவெளி 60 நாளாகிவிடும். `X`-க்குப் பிறகு உயிரோடு கண்டவற்றுக்கு மட்டும் நடுக்கட்டத்தை `A` ஆக்கிவிட்டு, செத்தவற்றை விட்டுவிட்டால் அந்தக் குவாட்ரட்டில் பிழைத்தவை மட்டும் கணக்கில் ஏறும். அந்தக் குவாட்ரட்டின் எல்லாக் கன்றுகளுக்கும் இரண்டு இடைவெளிகளையும் சேர்த்து ஒரே வரியாக்குங்கள். அது நிறைய நடந்திருந்தால் கடைசிக்கு முந்தைய பகுதியில் சொல்லும் `interval2` முறைதான் பொருத்தம்.

## 7. மாடல்

```r
library(lme4)
m <- glmer(dead ~ interval + light + (1 | plot),
           family = binomial(link = "cloglog"), data = d)
exp(fixef(m)["light"])
```

`interval` என்பது எத்தனையாவது இடைவெளி என்ற வகை மாறி, `factor` ஆக்கிவிடுங்கள். எண்ணாக விட்டால் இறப்பு அபாயம் மாதாமாதம் ஒரே சீராக ஏறும் அல்லது இறங்கும் என்று மாடல் நினைத்துக்கொள்ளும். `light` என்பது ஒளி அளவு, அதைச் சராசரி 0, திட்ட விலக்கம் 1 என்று மாற்றிக் கொடுத்தால் மாடல் தகராறு செய்யாமல் ஓடும்.

ஏன் `cloglog`, வழக்கமான லாஜிட் ஏன் இல்லை? காக்ஸ் மாடலின் அபாய விகிதத்தை இடைவெளிகளாகத் தொகுத்தால் கணித ரீதியாகக் கிடைப்பது `cloglog`-தான். அதனால் `exp` எடுத்தால் வருவது அபாய விகிதம், அதாவது காரணி ஓர் அலகு கூடினால் அபாயம் எத்தனை மடங்காகிறது என்பது, 30 நாள் இடைவெளி என்றாலும் 15 நாள் என்றாலும் அதன் பொருள் மாறாது. லாஜிட்டில் வரும் எண் இடைவெளியின் நீளத்தைச் சார்ந்திருக்கும். வேறு வேறு குவாட்ரட்டுக்கு வேறு வேறு நாள் இடைவெளியில் போயிருந்தால் `offset(log(days))` சேருங்கள்.

`(1 | plot)` தவிர்க்கக்கூடாதது. ஒரே குவாட்ரட்டில் உள்ள கன்றுகளுக்கு ஒரே நிழல், ஒரே ஈரம், ஒரே பூஞ்சை, ஒரே மேயும் விலங்கு. 200 கன்றுகள் 10 குவாட்ரட்டில் இருந்து, ஒளியையும் குவாட்ரட் அளவில்தான் அளந்தீர்கள் என்றால் ஒளியைப் பற்றி உங்களிடம் இருப்பது 10 தகவல்கள்தான். இதை விட்டுவிட்டு வரும் மிகச் சிறிய p மதிப்பைத்தான் வைவாவில் முதலில் பிடிப்பார்கள்.

சிக்கலை எப்படிக் கண்டுகொள்வது? `boundary (singular) fit: see help('isSingular')` என்று வந்தால் குவாட்ரட்டுக்குக் குவாட்ரட் உள்ள வேறுபாட்டை மாடலால் மதிப்பிட முடியவில்லை, பொதுவாகக் குவாட்ரட் நாலைந்துதான் இருக்கும்போது. ஏதோ ஓர் `interval`-க்கு –20 போன்ற குணகமும் ஆயிரக்கணக்கில் திட்டப் பிழையும் வந்தால் அந்த இடைவெளியில் ஒரு இறப்பும் இல்லை என்று அர்த்தம், பக்கத்து இடைவெளியோடு சேர்த்துவிடுங்கள், `offset`-ஐ மறக்காமல்.

இன்னொன்று, மாடலின் பலம் இறப்புகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. 300 கன்றில் 22 செத்திருந்தால் உங்கள் தரவு 22-தான், அதை வைத்துக்கொண்டு ஆறு காரணிகளைச் சோதிக்க முடியாது. ஒரு காரணிக்குப் பத்து இறப்பு என்பது பழைய தோராய விதி, கறாரானது இல்லை, ஆனால் நிறுத்தப் புள்ளியாக உதவும்.

ஒளியின் விளைவு எல்லா இடைவெளியிலும் ஒன்றா என்று பார்க்க `interval:light` சேர்த்து `anova` மூலம் ஒப்பிடுங்கள். இறப்புகள் போதாவிட்டால் இடைவெளிகளை முன்பாதி, பின்பாதி என்று இரண்டாக்கிவிட்டுச் செய்யுங்கள். முளைத்த புதிதில் விதையின் சேமிப்பில் வாழும் கன்றுக்கு ஒளி பெரிதாகப் பொருட்டில்லாமல் இருந்து பிறகு அதுவே தீர்மானிப்பதாக ஆகலாம், அப்படியானால் ஒற்றை அபாய விகிதம் சொல்வது பொய்.

## 8. எதிர்காலத் தகவலைக் காரணியாகப் போடாதீர்கள்

"வேகமாக வளர்ந்த கன்றுகள் அதிகம் பிழைத்தன" என்று ஒரு முடிவு அடிக்கடி வரும். வளர்ச்சி வீதத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால், கடைசி உயரத்திலிருந்து முதல் உயரத்தைக் கழித்தேன் என்பார்கள். 30-ஆம் நாளில் செத்த கன்றுக்கு வளர நேரமே இல்லை. நெடுநாள் வாழ்ந்ததால் உயர்ந்ததா, உயர்ந்ததால் வாழ்ந்ததா என்று அந்தத் தரவால் சொல்ல முடியாது, எண் மட்டும் பிரமாதமாக வரும்.

விதி: ஒரு வரியில் உள்ள காரணி எல்லாம் அந்த இடைவெளி தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். உயரம் வேண்டுமா, இடைவெளியின் தொடக்கத்தில் அளந்த உயரம். தரவு இடைவெளிக்கு ஒரு வரியாக இருப்பதால் இது சுலபம், `prev` எடுத்த அதே வழியில் முந்தைய உயரத்தையும் எடுத்துவிடலாம். இலைச் சேதத்துக்கும் இதே விதி.

## 9. தொலைந்தவை உங்கள் முடிவைத் தாங்குகின்றனவா என்று அசைத்துப் பாருங்கள்

இதுவரை செய்த எல்லாமே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: தொலைந்த கன்றுகளின் இறப்பு அபாயமும், அதே நிலைமையில் தொலையாமல் இருந்தவற்றின் அபாயமும் ஒன்று. வில்லை துருப்பிடித்து விழுந்திருந்தால் இது நியாயம். விலங்கு மண்ணைக் கிளறியதில் வில்லையும் கன்றும் சேர்ந்தே போயிருந்தால், அல்லது வெள்ளம் அடித்துப் போயிருந்தால், தொலைந்தது என்பதே செத்தது என்பதன் இன்னொரு பெயர். தரவை எவ்வளவு அலசினாலும் எது நடந்தது என்று தரவு சொல்லாது, களக் குறிப்புதான் சொல்லும். கிளறிய தடம் இருந்ததா என்று அன்றைக்கே எழுதுங்கள்.

அதனால் இரு எல்லைகளையும் போட்டுப் பாருங்கள். நம் உதாரணத்தில் மூன்றும் தொலைந்த இடைவெளியிலேயே செத்தன என்றால் 0.300. மூன்றும் கடைசிவரை வாழ்ந்தன என்றால் 9/20, அதாவது 0.450. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும், 20-இல் 3 தொலைந்ததற்கே இவ்வளவு அகலம்.

இரண்டு நிலைகளை ஒப்பிடும் ஆய்வில் எல்லையைக் குறுக்காகப் போட வேண்டும். நிழலில் உள்ளவை அதிகம் சாகின்றன என்பது உங்கள் முடிவானால், நிழலில் தொலைந்தவை எல்லாம் வாழ்ந்தன, வெளிச்சத்தில் தொலைந்தவை எல்லாம் செத்தன என்று உங்களுக்கு எதிராகவே வைத்து மாடலை மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் விளைவு அதே திசையில் நின்றால் யார் கேட்டாலும் பதில் இருக்கிறது. நிற்காவிட்டால் அதையும் எழுதுங்கள், கூடவே ஒவ்வொரு நிலையிலும் எத்தனை தொலைந்தன என்ற எண்ணிக்கையையும். ஒரு பக்கம் 4, மறுபக்கம் 25 என்றால் அந்த ஏற்றத்தாழ்வே ஒரு செய்தி.

இரண்டாவது சோதனை, இடைவெளித் தரவை நேராக எடுத்துக்கொள்ளும் மாடல். கணக்கெடுப்புகள் ஒழுங்கற்று இருந்தால் இதையே முதன்மையாக வைக்கலாம்.

```r
s$L[s$L == 0] <- NA
w <- survreg(Surv(L, R, type = "interval2") ~ light,
             data = s, dist = "weibull")
```

முதல் வரி ஏன்? முதல் இடைவெளியில் செத்த கன்றுக்கு `L` 0, வெய்புல் பரவலில் 0-வின் மடக்கை எடுக்க முடியாது, `Invalid survival times for this distribution` என்று நின்றுவிடும். `NA` என்றால் "R-க்கு முன்னால் எப்போதோ" என்று எடுத்துக்கொள்ளும். இன்னொரு இடறல்: இதன் குணகம் வாழ்நாளின் மேல், முந்தைய மாடலின் குணகம் அபாயத்தின் மேல், ஆகவே குறிகள் எதிரெதிராக வருவதுதான் சரி. இரண்டும் முரண்படுகின்றன என்று இரண்டு நாள் தூங்காமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். (நான்தான்.) தாமதமாக நுழைந்த பழைய கன்றுகளை இதில் சேர்க்காதீர்கள், இடது துண்டிப்பை `survreg` கையாளாது.

## 10. ஆய்வேட்டில் எழுதும்போது

முறைகள் பகுதியில் இருக்க வேண்டியவை: நாள் 0 எது, கணக்கெடுப்பு இடைவெளி எத்தனை நாள், இறப்புக்கான விதி, `T` கன்றை எப்படிக் கொண்டீர்கள், `N` கன்று எந்த நாளில் சென்சார் ஆனது, மொத்தம் எத்தனை கன்று, எத்தனை இறப்பு, எத்தனை தொலைப்பு, எத்தனை முடிவில் உயிரோடு. கடைசி மூன்றின் கூட்டுத்தொகை மொத்தத்துக்குச் சமமா என்று பாருங்கள், நம் உதாரணத்தில் 11 + 3 + 6 = 20. படத்தின் கீழே ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் கணக்கில் இருந்த கன்றுகளின் எண்ணிக்கையைப் போடுங்கள், வளைகோட்டின் வால் பகுதி எட்டுக் கன்றின் மேல் தொங்குகிறது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அபாய விகிதத்தை வார்த்தையில் சொல்லும்போது கவனம். 0.6 என்றால் "40% அதிகம் பிழைத்தன" என்று எழுதாதீர்கள், அபாயம்தான் 40% குறைவு. உயிர்பிழைப்பு எவ்வளவு மாறும் என்பது அடிப்படை அளவைப் பொறுத்தது: அடிப்படை உயிர்பிழைப்பு 0.385 என்றால், அதை 0.6 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும், வருவது 0.564. அதாவது 100 கன்றில் 38 அல்லது 39 பிழைத்த இடத்தில் ஒளி ஒரு திட்ட விலக்கம் கூடினால் 56 பிழைக்கும், இப்படி எழுதினால் புள்ளியியல் தெரியாத தேர்வாளருக்கும் புரியும்.